சப்டைட்டில் ஒத்துப்போகவில்லையா? நகர்த்துவதா, நீட்டுவதா, வேறு கோப்பு தேடுவதா?

படம் ஓடத் தொடங்கி ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நாயகி இன்னும் வாயைத் திறக்கவே இல்லை, அதற்குள் அவள் சொல்லப்போகும் பதில் திரையின் அடியில் வந்து நின்றுவிடுகிறது. உடனே கை போவது பிளேயரின் தாமதப் பொத்தானுக்குத்தான். நூறு தடவைக்கு மேல் தட்டி, ஒருவழியாக உதட்டோடு வரி சேர்ந்ததும் சாய்ந்து உட்காருகிறோம். ஒரே நிமிடத்தில் மறுபடியும் முந்துகிறது. மறுபடியும் தட்டுகிறோம். இப்படி முழுப் படத்தையும் தட்டிக்கொண்டே பார்த்து முடித்தவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பார்த்தேன். அந்தக் கோப்புக்கு வேண்டியிருந்தது நகர்த்தல் இல்லை, நீட்டல்.

இந்தத் தொல்லைக்கு வழிகள் நான்கு. பார்க்கும்போதே பிளேயரில் தாமதத்தைக் கூட்டிக் குறைக்கலாம். சப்டைட்டில் கோப்பையே திறந்து நேரங்களை நிரந்தரமாக மாற்றலாம். படத்தின் ஒலியைக் கேட்டுத் தானாகப் பொருத்தும் நிரலிடம் விடலாம். இல்லையென்றால் இந்தக் கோப்பைக் கைவிட்டு வேறொன்றைத் தேடலாம். எது சுலபம் என்று பார்த்து இவற்றில் ஒன்றை எடுத்தால் பாதி நேரம் தவறாகத்தான் போகும். பிழை எந்த வடிவத்தில் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டால், எடுக்க வேண்டிய வழி ஏறக்குறைய தானாகவே தெரிந்துவிடும். அதைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

நேரத்துக்குப் போகும் முன் இரண்டு விஷயங்களை முடித்துக்கொள்ள வேண்டும்: வரி வருகிறதா, வந்தால் எழுத்து சரியாக இருக்கிறதா.

வரியே வரவில்லை என்றால்

பிளேயரின் சப்டைட்டில் பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கே எதுவுமே இல்லை என்றால் பிளேயர் கோப்பைக் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள். படத்தின் பெயர் `film.mkv` என்றால் சப்டைட்டில் அதே ஃபோல்டரில் `film.srt` என்றோ `film.ta.srt` என்றோ இருக்க வேண்டும். விண்டோஸில் பெயரின் கடைசிப் பகுதி மறைந்திருப்பதால், நாம் `film.srt` என்று நினைப்பது உண்மையில் `film.srt.txt` ஆக இருக்கும். இது அடிக்கடி நடக்கிறது. கோப்பைப் பிடித்து ஓடும் படத்தின் மேல் இழுத்துப் போட்டாலே பெரும்பாலான கணினிப் பிளேயர்களில் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பட்டியலில் பெயர் இருக்கிறது, தேர்வும் ஆகியிருக்கிறது, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் கதை வேறு. கோப்பை எழுத்துத் திருத்தியில் திறந்து முதல் வரியின் நேரத்தைப் பாருங்கள். இப்படி இருக்கலாம்:

```
1
10:00:42,160 --> 10:00:44,720
அவர் இன்றைக்கு வரமாட்டார்.
```

தொலைக்காட்சி ஒளிபரப்புக்காகத் தயாரிக்கப்படும் நிகழ்ச்சிகளில் கடிகாரத்தைச் சுழியத்தில் தொடங்காமல் 10 மணியிலோ 1 மணியிலோ தொடங்கும் வழக்கம் உண்டு. அந்த நேரங்களோடு மாற்றி எடுக்கப்பட்ட கோப்பு இது. பிளேயர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. பத்தாவது மணி நேரம் வரட்டும் என்று காத்திருக்கிறது. எல்லா நேரங்களிலிருந்தும் 36,000 நொடி கழித்தால் வரிகள் வந்துவிடும். காணாமல் போனதுபோலத் தெரிவது சில சமயம் நேரம் தவறிய கோப்புதான்.

எழுத்து உடைந்து வந்தால்: பிளேயர் அமைப்பா, கோப்பை மாற்றுவதா?

உடைந்த எழுத்தில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு என்பதால் கண்ணால் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

எழுத்துக்குப் பதில் காலிக் கட்டங்கள் வந்தால் கோப்பில் குறை இல்லை. பிளேயர் பயன்படுத்தும் எழுத்துருவில் தமிழ் இல்லை, அவ்வளவுதான். பிளேயரின் சப்டைட்டில் அமைப்பில் தமிழ் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

வரிசையாக `?????` என்று மட்டும் வந்தால், அந்தக் கேள்விக்குறிகள் திருத்தியில் திறந்தாலும் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் எழுத்து அழிந்துவிட்டது. தமிழுக்கு இடமே இல்லாத ஒரு பழைய என்கோடிங்கில், அதாவது எழுத்தை பைட்டுகளாக எழுதிவைக்கும் முறையில், யாரோ சேமித்திருக்கிறார்கள். இனி அதிலிருந்து எதையும் மீட்க முடியாது. வேறு கோப்புதான் வழி. இங்கே வேறு எதையும் முயல வேண்டாம்.

மூன்றாவது வகைதான் மிகவும் சாதாரணம். "தமிழ்" என்று வர வேண்டிய இடத்தில் `à®¤à®®à®¿à®´à¯` என்று வரும். இதைப் பார்த்ததும் சந்தோஷப்படலாம், ஏனென்றால் கோப்பு பத்திரமாக இருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். முதல் பைட் எப்போதும் E0, இரண்டாவது AE அல்லது AF. இதைப் பழைய மேலை ஐரோப்பிய என்கோடிங்கான `Windows-1252` என்று நினைத்து ஒவ்வொரு பைட்டாகப் படித்தால் E0 என்பது `à` ஆகவும், AE என்பது `®` ஆகவும், AF என்பது `¯` ஆகவும் தெரியும். திரை முழுக்க `à®` என்று திரும்பத் திரும்ப வந்தால், அது தமிழ் யூடிஎஃப்-8 கோப்பு, பிளேயர் வேறு எதுவோ என்று தவறாக நினைத்துவிட்டது என்று அடித்துச் சொல்லலாம்.

இதற்கு முதல் வழி பிளேயரில் என்கோடிங்கை மாற்றுவது. விஎல்சி பிளேயரில் அமைப்புகளின் `Subtitles / OSD` பகுதியில் `Default encoding` இருக்கிறது. அதை `UTF-8` ஆக்கிவிட்டுப் படத்தை மூடித் திறக்க வேண்டும். எம்பிவி பிளேயரில் `--sub-codepage=utf-8` கொடுக்கலாம். தமிழ்க் கோப்புகளைப் பொறுத்தவரை இது நல்ல வழி. ஒருமுறை வைத்துவிட்டால் மறுபடி தொட வேண்டியதில்லை. ஆனால் யூடிஎஃப்-8 அல்லாத ஒரு பழைய கோப்புக்காக அந்த அமைப்பை வேறு எதற்காவது மாற்றினால், மறுநாள் பார்க்கும் படம் உடைந்து வரும். என்ன மாற்றினோம் என்பது அதற்குள் மறந்து போயிருக்கும். அப்படிப்பட்ட கோப்புக்கு இரண்டாவது வழிதான் என் தேர்வு. பிளேயரைத் தொடாமல் கோப்பையே கட்டளை வரியில் யூடிஎஃப்-8 ஆக மாற்றிவிட வேண்டும்.

```
iconv -f WINDOWS-1252 -t UTF-8 old.srt > new.srt
```

இதில் `-f` க்குப் பின்னால் வருவது கோப்பின் உண்மையான என்கோடிங். அது பிரெஞ்சுக் கோப்பு என்றால் மேலே உள்ளது பெரும்பாலும் சரி. ரஷ்ய மொழி என்றால் `WINDOWS-1251`. ஏற்கெனவே யூடிஎஃப்-8 ஆக இருக்கும் தமிழ்க் கோப்பின் மேல் இந்தக் கட்டளையை ஓட்டவே கூடாது. `à®` வடிவத்தைப் பார்த்ததும் யாராவது "மாற்றினால் சரியாகிவிடும்" என்று இதை ஓட்டினால், பிளேயர் தவறாகப் படித்த குப்பை அப்படியே கோப்புக்குள் நிரந்தரமாகப் பதிந்துவிடும், அல்லது கட்டளை பாதியில் நின்றுவிடும்.

அது ஏன் பாதியில் நிற்கிறது என்பது தமிழ் எழுதுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். `Windows-1252` இல் ஐந்து இடங்கள் காலி: 81, 8D, 8F, 90, 9D. தமிழில் உகரக் குறியின் கடைசி பைட் 81. புள்ளியின் கடைசி பைட் 8D. ஏ என்ற எழுத்து 8F இல் முடிகிறது, ஐ 90 இல். ஆக, தவறான என்கோடிங்கில் திறந்து சேமித்தால் முதலில் ஆபத்துக்கு உள்ளாவது பெரும்பாலான சொற்களில் இருக்கும் புள்ளியும் உகரமும்தான். சில திருத்திகள் அந்த பைட்டுகளை எப்படியோ காப்பாற்றி வைக்கும், சில தூக்கிப் போட்டுவிடும். காப்பாற்றியிருந்தால் திருப்பி மாற்றி முழுதாக மீட்கலாம். போட்டுவிட்டால் புள்ளியில்லாத தமிழ்தான் மிஞ்சும்.

அதனால் நேரத்தைத் திருத்தும் முன் எழுத்தைச் சரிபார்க்க வேண்டும். நேரம் திருத்தும் எந்தக் கருவியும் கோப்பைத் திறந்து மறுபடி சேமிக்கத்தான் போகிறது. திறந்ததும் தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சேமிப்பை அழுத்த வேண்டும். மூலக் கோப்பின் ஒரு நகலும் பக்கத்தில் இருக்கட்டும்.

இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள்

இப்போது நேரம். அதற்கும் முன்னால் ஒரு சின்னப் பரிசோதனை: சப்டைட்டிலை மறந்துவிட்டு, உதடும் குரலும் சேர்கின்றனவா என்று பாருங்கள். ப்ளூடூத் ஹெட்செட்டில் குரலே பின்தங்கி வரக்கூடும். அப்போது திருத்த வேண்டியது ஒலியின் தாமதத்தை. விஎல்சியில் அதற்கு `J`, `K` பொத்தான்கள். உதடும் குரலும் சரியாக இருந்தால் மேலே போகலாம்.

படத்தின் தொடக்கத்தில் ஒரு வரியையும் முடிவுக்குப் பக்கத்தில் ஒரு வரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அமைதிக்குப் பிறகு சட்டென்று வரும் சின்ன வரியாக இருந்தால் நல்லது, "நில்லுங்கள்!" என்பது மாதிரி. குரல் எங்கே தொடங்குகிறது என்பதில் குழப்பம் இருக்காது. கோப்பில் அந்த வரிக்கு எழுதியிருக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பிளேயரில் அந்தக் குரல் உண்மையில் தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மொழி தெரியாத படம் என்றால் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் காதே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு இடத்திலும் வித்தியாசம் ஒன்றாக இருந்தால், முழுக் கோப்பும் ஒரே அளவு தள்ளி நிற்கிறது, நகர்த்தினால் போதும். வித்தியாசம் சீராக வளர்ந்துகொண்டே போயிருந்தால் நீட்டவோ சுருக்கவோ வேண்டும். நடுவில் மூன்றாவது ஓரிடத்தில் அளந்தால், சீராக வளர்கிறதா அல்லது ஓரிடத்தில் திடீரென்று குதிக்கிறதா என்பது தெரிந்துவிடும். குதித்தால் படத்தின் வெட்டே வேறு.

ஒரே அளவு தள்ளி நிற்கும் கோப்பு

இங்கே பிளேயரே போதும். விஎல்சியில் `H` அழுத்தினால் வரி தாமதமாகும், `G` அழுத்தினால் முன்னால் வரும். ஒரு தட்டுக்கு 50 மில்லி நொடி. எம்பிவியில் `Z` தாமதப்படுத்தும், `z` முன்னால் கொண்டுவரும். ஒரு தட்டுக்கு 100 மில்லி நொடி. ஏழு நொடி நகர்த்த விஎல்சியில் 140 தட்டுகள் வேண்டும். அதற்குப் பதில் `Tools` பட்டியலில் `Track Synchronization` திறந்து எண்ணை நேராக எழுதிவிடலாம். நேர் எண் கொடுத்தால் வரி தாமதமாகும், எதிர் எண் கொடுத்தால் முந்தும்.

விஎல்சியில் அதிகம் பேர் தொடாத ஒரு வசதியும் இருக்கிறது. ஒரு குரல் கேட்கும் நொடியில் `Shift+H`, அதற்குரிய வரி திரையில் தெரியும் நொடியில் `Shift+J`, கடைசியில் `Shift+K`. இடைவெளியை அதுவே கணக்கிட்டு நகர்த்திவிடும். எம்பிவியில் `Ctrl+Shift+வலது அம்பு` அழுத்தினால் அடுத்த வரி இந்த நொடிக்கே வந்து நிற்கும். வாய் திறக்கும் கணத்தில் படத்தை நிறுத்தி ஒருமுறை அழுத்தினால் வேலை முடிந்தது. எனக்குத் தெரிந்த வழிகளில் இதுதான் வேகமானது.

பிளேயரில் செய்யும் நகர்த்தல் கோப்பில் பதிவதில்லை. ஒருமுறை பார்த்துவிட்டு விடப்போகும் படம் என்றால் அது ஒரு குறையே இல்லை. அதே கோப்பை டிவியில் பென் டிரைவ் செருகிப் பார்க்கப்போகிறீர்கள், அல்லது இன்னொருவருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் கோப்பையே மாற்றுங்கள். பிளேயரில் தட்டிக் கண்டுபிடித்த எண் கையில் இருக்கிறதே. அதை `Subtitle Edit` நிரலின் `Adjust all times` சாளரத்தில் கொடுத்தால் ஒரு நிமிட வேலை. கட்டளை வரிதான் பழக்கம் என்றால்:

```
ffmpeg -itsoffset 2.5 -i old.srt -c copy new.srt
```

இது எல்லா வரிகளையும் இரண்டரை நொடி தாமதமாக்கும்.

வளர்ந்துகொண்டே போகும் பிழை

தொடக்கத்தில் சொன்ன படத்துக்கு வருகிறேன். நான் அளந்தபோது கிடைத்தவை இவை. முதல் வரி கோப்பில் 00:01:10. குரல் கேட்டது 00:01:17. வித்தியாசம் 7 நொடி. கடைசிப் பக்கத்து வரி கோப்பில் 01:38:20. குரல் கேட்டது 01:42:36. வித்தியாசம் 4 நிமிடம் 16 நொடி. ஏழு நொடியில் தொடங்கிய பிழை 256 நொடியில் முடிகிறது. இதை எந்த நகர்த்தலாலும் சரிசெய்ய முடியாது.

கணக்கு பள்ளிக்கூடத்துக் கணக்குதான். எல்லாவற்றையும் நொடியாக்குங்கள். கோப்பில் இரண்டு வரிகளுக்கும் இடையே 5900 − 70 = 5830 நொடி. படத்தில் அதே இடைவெளி 6156 − 77 = 6079 நொடி. 6079 ஐ 5830 ஆல் வகுத்தால் 1.0427. கோப்பின் ஒவ்வொரு நேரத்தையும் இந்த எண்ணால் பெருக்க வேண்டும். பெருக்கிய பிறகு முதல் வரி 72.99 இல் நிற்கும், ஆனால் குரல் 77 இல். மீதி 4 நொடியை நகர்த்தலாகச் சேர்க்க வேண்டும்.

1.0427 என்ற எண்ணைக் கண்டதும் காரணமும் தெரிந்துவிடுகிறது. திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம். `PAL` என்ற தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 ஃபிரேம் என்பதால் அங்கே படத்தைச் சற்று வேகமாக ஓட்டிவிடுவார்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். அமெரிக்கத் தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சி வழி வந்த கோப்புகளில் 23.976 ஃபிரேம், சரியாகச் சொன்னால் 24000/1001. 25 ஐ 23.976 ஆல் வகுத்தால் 1.0427. ஆக, என் கையில் இருந்த சப்டைட்டில் வேகமாக ஓடும் 25 ஃபிரேம் பதிப்புக்காகச் செய்யப்பட்டது, படமோ 23.976 பதிப்பு. அந்த நான்கு நொடி, தொடக்கத்தில் வரும் நிறுவன முத்திரைக் காட்சி ஒரு பதிப்பில் நீளமாக இருந்ததால் வந்திருக்கலாம்.

இந்த வகையில் பிழை நிமிடத்துக்கு இரண்டரை நொடி வளரும். அதனால் பார்ப்பவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். ஏமாற்றுவது இன்னொன்று: 24 க்கும் 23.976 க்கும் உள்ள வித்தியாசம். அங்கே விகிதம் 1.001 தான். பத்து நிமிடத்தில் 0.6 நொடி, ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி. தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும். இடைவேளைக்குப் பிறகு "என்னவோ ஒட்டவில்லையே" என்று தோன்றும். தொடக்கத்தில் மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பு நல்லது என்று முடிவு செய்யக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நீட்டலைப் பிளேயரிலேயே செய்யலாம். எம்பிவியில் இப்படி:

```
mpv --sub-speed=1.0427 --sub-delay=4 film.mkv
```

ஒருமுறை பார்ப்பதற்கு இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கைபேசிப் பிளேயர்களிலும் டிவிகளிலும் நகர்த்தல் இருக்கும், நீட்டல் பெரும்பாலும் இருக்காது. அதனால் நீட்டல் தேவைப்படும் கோப்பை நான் எப்போதும் கோப்பிலேயே திருத்திவிடுவேன். `Subtitle Edit` நிரலில் இரண்டு வழி. `Change frame rate` இல் 25 இலிருந்து 23.976 க்கு மாற்றிவிட்டுப் பின்னர் 4 நொடி நகர்த்தலாம். அல்லது `Point sync` இல் அந்த இரண்டு வரிகளையும் அவற்றின் உண்மை நேரங்களையும் கொடுத்துவிட்டால் பெருக்கலையும் நகர்த்தலையும் அதுவே ஒன்றாகச் செய்துவிடும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். விகிதம் எதுவாக இருந்தாலும், காரணம் புரியாவிட்டாலும், அது வேலை செய்யும். அளக்கும்போது அரை நொடி தவறினாலும் பரவாயில்லை. இரு முனையிலும் அரை நொடிக்குள் இருந்தால் நடுவில் எங்கேயும் பிழை அதைத் தாண்டாது. ஆனால் இரண்டு புள்ளிகளும் ஒன்றுக்கொன்று தூரமாக இருக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடத்துக்குள்ளேயே இரண்டையும் எடுத்தால் அந்த அரை நொடி, படத்தின் முடிவில் பத்து நொடியைத் தாண்டிவிடும்.

படமாகவே பதியப்பட்ட சப்டைட்டில்களுக்கு, அதாவது ப்ளூரே தட்டிலிருந்து வரும் வகைக்கு, இந்தத் திருத்தத்தை எழுத்துத் திருத்தியில் செய்ய முடியாது. அங்கே எழுத்தே இல்லை, வரியின் படம்தான் இருக்கிறது. என்கோடிங் அமைப்பும் அதைத் தொடாது.

நிரலிடம் விடுவது

அளக்கப் பொறுமையில்லை, அல்லது பத்துப் பாகத் தொடர் ஒன்றுக்கு மொத்தமாகச் சரிசெய்ய வேண்டும் என்றால் `ffsubsync` நல்ல துணை.

```
ffs film.mkv -i old.srt -o new.srt
```

இது வசனத்தைப் புரிந்துகொள்வதில்லை. படத்தின் ஒலியை 10 மில்லி நொடித் துண்டுகளாக எடுத்து, எந்தத் துண்டில் மனிதக் குரல் இருக்கிறது, எதில் இல்லை என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. சப்டைட்டிலிலும் வரி இருக்கும் நேரம், இல்லாத நேரம் என்று அதே மாதிரி ஒரு வரைவு எடுக்கிறது. இரண்டு வரைவுகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து நகர்த்தி, எங்கே நன்றாகப் பொருந்துகிறதோ அங்கே நிறுத்துகிறது. வழக்கமான ஃபிரேம் விகிதங்களையும் முயன்று பார்க்கும். அதனால் படம் எந்த மொழி, சப்டைட்டில் எந்த மொழி என்பது பொருட்டே இல்லை. கொரியப் படத்துக்குத் தமிழ்க் கோப்பைக் கொடுத்தாலும் வேலை செய்யும்.

அதன் வேலைமுறை தெரிந்தால் அது எங்கே தவறும் என்பதும் தெரியும். பாட்டு நிறைந்த படத்தில் குரல் ஓடிக்கொண்டே இருக்கும், வரி இருக்காது. செவித்திறன் குறைந்தவர்களுக்கான கோப்பில் "கதவு தட்டப்படுகிறது" என்று வரி இருக்கும், குரல் இருக்காது. இரண்டும் பொருத்தத்தைக் குழப்பும். இன்னொன்று, சும்மா விட்டால் அது 60 நொடிக்கு மேல் நகர்த்திப் பார்க்காது. பத்து மணியில் தொடங்கும் அந்தக் கோப்பை அப்படியே கொடுத்தால் முடிவு பொருந்தவே செய்யாது. முதலில் 36,000 நொடியைக் கழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். சரியாகப் பொருந்தும் வேறு மொழி சப்டைட்டில் ஒன்று கையில் இருந்தால், `film.mkv` இருக்கும் இடத்தில் அந்தக் கோப்பைக் கொடுங்கள். குரலைத் தேடுவதைவிட அது வேகமாகவும் இருக்கும், நம்பகமாகவும் இருக்கும்.

நிரல் முடித்த பிறகும் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என இரண்டு வரி பார்த்துவிடுங்கள். தவறாகப் பொருத்தினாலும் "முடிந்தது" என்றுதான் அது சொல்லும்.

நடுவில் குதிக்கும் கோப்பு

முதல் அரை மணி நேரம் சரி. 34 ஆவது நிமிடத்தில் திடீரென்று எட்டு நொடி தள்ளுகிறது. அதற்குப் பிறகு கடைசி வரை அதே எட்டு நொடி. இது வேகப் பிழை இல்லை. ஒரு பதிப்பில் விளம்பர இடைவேளைக்கான கருந்திரை இருக்கிறது, மற்றதில் இல்லை; அல்லது ஒரு காட்சி வெட்டப்பட்டிருக்கிறது. இரண்டு புள்ளியில் மட்டும் அளந்து நீட்டினால் இங்கே நிலைமை மோசமாகும்: சரியாக இருந்த முதல் அரை மணி நேரமும் கெட்டுவிடும். மூன்றாவது புள்ளி அளக்கச் சொன்னது இதற்காகத்தான்.

குதிப்பு ஒன்றோ இரண்டோ என்றால் கையால் செய்வதுதான் சிறந்தது. `Subtitle Edit` நிரலில் குதிக்கும் வரியைத் தேர்ந்தெடுத்து, `Adjust all times` சாளரத்தில் அந்த வரியையும் அதற்குப் பின் வருபவற்றையும் மட்டும் நகர்த்தும் தேர்வைக் கொடுத்து, எட்டு நொடி நகர்த்துங்கள். இடம் கண்டுபிடிப்பதும் சுலபம்: 20 ஆவது நிமிடம் சரி, 40 ஆவது தவறு என்றால் 30 ஐப் பாருங்கள், அது சரி என்றால் 35. நாலைந்து தாவலில் காட்சியே அகப்பட்டுவிடும்.

நான்கு, ஐந்து இடத்தில் குதித்தால் `alass` என்ற நிரலுக்குப் போகலாம். கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாகப் பொருத்தத் தெரிந்தது அது.

```
alass-cli film.mkv old.srt new.srt
```

இதன் பலமே இதன் ஆபத்தும்கூட. நீளமான இசைக்காட்சியிலோ கூட்டத்தின் இரைச்சலிலோ இல்லாத வெட்டை இருப்பதாக நினைத்துச் சில வரிகளைத் தள்ளிவிடலாம். எளிய நகர்த்தலுக்கு இதைப் பயன்படுத்த நான் சொல்லமாட்டேன்.

எப்போது கோப்பைக் கைவிடுவது

கேள்விக்குறியாகிப் போன கோப்பைப் பற்றி முன்பே சொன்னேன். அதைத் தவிர, படத்தில் இருக்கும் காட்சிகளுக்குச் சப்டைட்டிலில் வரியே இல்லை என்றாலும் வேறு கோப்புதான். இயக்குநரின் நீண்ட பதிப்பைப் பார்க்கும்போது திரையரங்குப் பதிப்பின் கோப்பைப் போட்டால் இப்படி ஆகும். எவ்வளவு அழகாக நேரம் பொருத்தினாலும், புதிய காட்சிகளில் பேச்சு ஊமையாகத்தான் போகும்.

ஒரே படத்துக்கு நான்கைந்து கோப்புகள் கிடைக்கும்போது ஒவ்வொன்றையும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. படத்தின் கடைசி வசனம் எந்த நேரத்தில் கேட்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு கோப்பையும் திருத்தியில் திறந்து, அடியில் சேர்க்கப்பட்டிருக்கும் பெயர் வரிகளைத் தள்ளிவிட்டு, அதே வசனத்தின் நேரத்தைப் பாருங்கள். ஒரு நொடிக்குள் ஒத்துப்போனால் அதையே எடுத்துக்கொண்டு நடுவில் ஒரு வரியை மட்டும் சரிபாருங்கள். சில நொடி தள்ளி இருந்தால் தொடக்கத்து வரி ஒன்றையும் பாருங்கள்: அங்கும் அதே தள்ளல் என்றால் நகர்த்தல் போதும், அங்கே சரியாக இருந்தால் மெல்ல வளரும் பிழையோ குதிப்போ இருக்கிறது. படத்தின் நேரத்தைக் கோப்பின் நேரத்தால் வகுத்து 1.042 ஐ ஒட்டியோ, தலைகீழாக 0.959 ஐ ஒட்டியோ வந்தால் நீட்டிச் சுருக்கிக் காப்பாற்றலாம். இது எதிலும் அடங்காமல் சில நிமிடங்கள் தள்ளி நிற்கும் கோப்பு, வேறு வெட்டுக்குச் செய்யப்பட்டது. மற்றவை கையில் இருக்கும்போது அதைத் திறந்து வைத்துக்கொண்டு போராட வேண்டியதில்லை.